வெள்ளரி தண்ணீர் விடுவது

"வெள்ளரிக்காயை நறுக்கி உப்புப் போட்டுத் தயிரில் கலந்தால் அரை மணியில் ஒரே தண்ணீர். ஏன்?"

உப்பு துண்டின் மேலிருக்கும் ஈரத்தில் கரைந்து கெட்டியான உப்புநீர் ஆகிவிடுகிறது. செல்லைச் சுற்றியுள்ள சவ்வு தண்ணீரை எளிதாக விடும், உப்பை அவ்வளவு எளிதில் விடாது. அதனால் உள்ளேயிருக்கும் தண்ணீர் உப்பு அதிகமுள்ள வெளிப்பக்கம் போகிறது, செல்லின் விறைப்பு குறைந்து துண்டு வளைய ஆரம்பிக்கும்.

சரி, அந்தத் தண்ணீரை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். அரைக் கிலோவுக்கு 8 கிராம் உப்பு போட்டுப் பிசறி, வடிதட்டில் 30 நிமிடம் வையுங்கள். துண்டு உடையாமல் வளைந்தால் போதும், லேசாகப் பிழிந்து அப்புறம் தயிரில் கலக்கலாம், ஆனால் தயிரில் உப்பு சேர்க்கும் முன் ருசி பாருங்கள்.