ஜைரோவுக்கு எந்தப் பட்டன்?

"பினாங்கிலிருந்து கேட்கிறேன், அண்ணே. டுவல்சென்ஸ் கன்ட்ரோலரை ஸ்டீமில் இணைத்து ஆடுகிறேன். ஜைரோ போட்டால் கை அசையும்போதெல்லாம் திரையும் ஆடுகிறது. குறிபார்க்க ஸ்டிக்கே போதுமா?"

ஸ்டிக்கையும் விட வேண்டாம், தம்பி. பெரிய திருப்பத்துக்கு அதுதான் வசதி. ஆனால் ஸ்டிக்கின் சாய்வு தருவது வேகத்தை. சரியான நொடியில் விடாவிட்டால் குறி தாண்டிப்போகும். ஜைரோவில் மணிக்கட்டு திரும்பிய அளவுக்கேற்பப் பார்வை திரும்பும், கை நின்றால் குறியும் நிற்கும். கடைசி நுணுக்கத்துக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டீம் கன்ட்ரோலர் அமைப்பில் Gyro to Mouse தேர்ந்தெடுத்து, அதை இயக்கும் பட்டனாக L2-ஐக் கொடுங்கள். குறிபார்க்க L2 அழுத்தும்போது மட்டும் ஜைரோ வேலை செய்யும், மற்ற நேரம் திரை ஆடாது. மணிக்கட்டு கோணலாகிவிட்டால் L2-ஐ விட்டு, கையை நேராக்கி, மறுபடி அழுத்துங்கள். மவுஸைத் தூக்கி நடுவில் வைப்பது போலத்தான்.

மேசையில் வைத்து L2-ஐ அழுத்தும்போதும் குறி ஒரே பக்கமாக மெல்ல நகர்கிறதா? அது கை நடுக்கம் அல்ல. கன்ட்ரோலரை அசையாமல் வைத்து ஜைரோவை அளவுத்திருத்தம் செய்யுங்கள்.