சோடியம் பேட்டரி 20,000 ரூபாய் குறைவு: வாங்கலாமா?

கேள்வி: மடிப்பாக்கத்தில் தனி வீடு. மாடியில் 3 கிலோவாட் சோலார், நெட் மீட்டரும் இருக்கிறது. 48 வோல்ட் இன்வெர்ட்டரின் பழைய லெட்-ஆசிட் பேட்டரிகள் போய்விட்டன. 5 யூனிட் எல்.எஃப்.பி. லித்தியம் 1,15,000 ரூபாய், சோடியம் அயன் 95,000 என்கிறார் கடைக்காரர். எதை வாங்கலாம்? கரண்ட் பில் குறையுமா? மதுராந்தகம் பக்கம் எங்கள் ஊர் பால் சொசைட்டிக்கு ஃப்ளோ பேட்டரி போடலாம் என்கிறார் சித்தப்பா. சரிவருமா?

பதில்: எல்.எஃப்.பி. வாங்குங்கள். ஆனால் பில் குறையும் என்று நினைத்து வாங்காதீர்கள். பகலில் மிஞ்சுவதைக் கம்பியில் விட்டு, இரவில் திரும்ப எடுத்துக்கொள்ள நெட் மீட்டரே போதும். அதையே பேட்டரியில் போட்டு எடுத்தால் பத்தில் ஒரு பங்கு வழியிலேயே கரையும். மின்வெட்டுக்காக மாதம் மூன்று முறை பேட்டரி முழுதாகக் காலியாகிறது என்று வைத்துக்கொள்வோம். முறைக்கு 4.6 யூனிட் வீதம் பத்து வருடத்தில் 1,656 யூனிட். 1,15,000-ஐ அதால் வகுத்தால் யூனிட்டுக்கு சுமார் 69 ரூபாய். கரண்ட் போனபோது ஃபேனும் ஃப்ரிட்ஜும் ஓட நீங்கள் தரும் விலை இது. அந்த நிம்மதிக்கு இவ்வளவு தரலாமா என்பதை வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.

இனி அந்த 20,000 ரூபாய் மிச்சம். எல்.எஃப்.பி. பெட்டியில் 3.2 வோல்ட் செல்கள் பதினாறு வரிசையாக இருக்கும், மொத்தம் 51.2 வோல்ட். சார்ஜ் இறங்கினாலும் கடைசி வரை வோல்ட் பெரிதாக மாறாது. சோடியம் செல் அப்படி இல்லை. இப்போது அதிகம் விற்கும் வகையில், நிறைந்தபோது சுமார் 4 வோல்ட், காலியாகும்போது 1.5 வோல்ட். பதினாறு செல்லுக்கு 64-இலிருந்து 24 வோல்ட் வரை சரிந்துகொண்டே வரும். லெட்-ஆசிட்டுக்காகச் செய்த உங்கள் இன்வெர்ட்டரோ ஏறக்குறைய 58 வோல்ட்டில் சார்ஜை நிறுத்தும், 42-இல் கட் ஆகிவிடும். மேலே கொஞ்சம் நிரம்பாது, கீழே கொஞ்சம் வெளியே வராது. பெட்டியில் சார்ஜ் இருக்கும்போதே இன்வெர்ட்டர் 'லோ பேட்டரி' என்று கத்தினால் காரணம் இதுதான்.

48 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் சோடியம் பெட்டி கணக்குப்படி 4.8 யூனிட். அதில் முக்கால்வாசி கைக்கு வந்தால் 3.6 யூனிட். 95,000-ஐ வகுத்தால் பயன்படும் ஒரு யூனிட் கொள்ளளவு சுமார் 26,400 ரூபாய். எல்.எஃப்.பி.யில் 4.6 யூனிட் வரும், 25,000 ரூபாய்தான். மிச்சம் எங்கே போயிற்று பாருங்கள். சோடியத்துக்கென்றே வோல்ட் வரம்பை அமைக்க முடிகிற இன்வெர்ட்டரும், எல்.எஃப்.பி.க்கு ஈடான வாரன்டியும் எழுத்தில் கிடைத்தால் மட்டும் மறுபடி யோசிக்கலாம். கடுங்குளிரில் நன்றாக வேலை செய்வது சோடியத்தின் உண்மையான பலம். சென்னையில் அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. 2022-இல் லித்தியம் கார்பனேட் விலை உச்சத்தில் இருந்தபோது சோடியம் மலிவாகத் தெரிந்தது. அதன்பின் லித்தியம் சரிந்ததும் அந்த இடைவெளியும் சுருங்கிவிட்டது.

எல்.எஃப்.பி. மாட்டும் நாளில் எலக்ட்ரீஷியன் பக்கத்திலேயே நில்லுங்கள். இன்வெர்ட்டரில் லித்தியம் மோட் இருக்க வேண்டும். சார்ஜ் 56 வோல்ட்டில் நிற்கட்டும், கட்-ஆஃப் 48-இல் இருக்கட்டும், லெட்-ஆசிட்டுக்காக வோல்ட்டை ஏற்றி சார்ஜ் செய்யும் ஈக்வலைசேஷன் கட்டாயம் ஆஃப். அது ஆனில் கிடந்தால் வோல்ட் எகிறி, பேட்டரிக்குள் காவலுக்கு இருக்கும் பி.எம்.எஸ். சர்க்யூட் அடிக்கடி இணைப்பைத் துண்டிக்கும். 6,000 சைக்கிள் என்ற விளம்பரம் உங்களுக்குப் பெரிதில்லை, பத்து வருடத்தில் நீங்கள் தொடப்போவது 360-தான். உங்கள் பேட்டரியைக் கிழடாக்குவது வெயில். மொட்டை மாடி ஷெட்டிலோ லாஃப்ட்டிலோ வைக்காதீர்கள். மழைநீர் ஏறும் பகுதி என்பதால் தரைத்தளத்தில் தரையோடும் வேண்டாம். முதல் மாடியில், வெயில் படாத உள்சுவரில் மாட்டச் சொல்லுங்கள்.

சொசைட்டிக்கு இரவில் 30 யூனிட் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மின்சாரத்தைக் கரைசலில் சேமிக்கும் வனேடியம் ஃப்ளோ பேட்டரியில் லிட்டருக்குச் சுமார் 20 வாட்-அவர்தான் தேறும். ஆக 1,500 லிட்டர் கந்தக அமிலக் கரைசல், இரண்டு தொட்டி, பம்புகள், கசிந்தால் தாங்க ஒரு தடுப்புத் தொட்டி. போட்டதில் எழுபது சதவீதம்தான் திரும்ப வரும். 30 எடுக்க 43 யூனிட் ஊற்ற வேண்டும், எல்.எஃப்.பி.க்கு 33 போதும். அந்த 10 யூனிட்டுக்காகவே இரண்டரை கிலோவாட் பேனல் கூடுதலாக வாங்க வேண்டிவரும். கரைசல் 40 டிகிரியைத் தாண்டினால் வனேடியம் திரண்டு படியத் தொடங்கும். அந்தப் படிவு ஓடும் வழியை அடைக்கும். பம்பில் அழுத்தம் ஏறி, ஓட்டம் குறைவதில் அது தெரியும். நம் ஊர் மே மாதத்தில் இதைத் தடுக்கக் குளிரூட்டலும் வேண்டும். கரைசல் எளிதில் கெடாது, இருபது வருடம் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் தினமும் எட்டு, பத்து மணி நேரம் ஓடி, பம்பையும் தொட்டியையும் பார்க்க ஆள் இருக்கும் பெரிய நிலையத்துக்குத்தான் அது கட்டுப்படியாகும். சித்தப்பாவிடம் ஏழு எல்.எஃப்.பி. பெட்டிகளை இணையாகக் கோக்கும் திட்டத்துக்கு விலை கேட்கச் சொல்லுங்கள். அதில் ஒன்று பழுதானாலும் மற்ற ஆறும் அன்றிரவு பாலைக் குளிர வைக்கும்.