திரையில் தெரியும் நிறத்தை எப்படி நம்புவது?

"திரையில் பளிச்சென்று இருக்கும் டிசைன் அச்சில் இருண்டு வருகிறது. காலிபரேஷன் செய்தால் சரியாகுமா?"

பெரும்பாலும் சரியாகும். திரை காட்டும் நிறத்தைக் கருவியால் அளந்து பொதுவான அளவுக்குக் கொண்டுவருவதுதான் காலிபரேஷன். கண்ணை மட்டும் நம்ப முடியாது, நீலம் ஏறிய வெள்ளையைக்கூடச் சில நிமிடங்களில் அது வெள்ளை என்றே பழகிக்கொள்ளும். வெறும் தராசைச் சமன்செய்துவிட்டு எடை போடுவது மாதிரிதான் இது.

அச்சு இருண்டு வரக் காரணம் பெரும்பாலும் திரையின் அதிக வெளிச்சம். இரவில் திரையை மஞ்சளாக்கும் Night Light, தானியங்கி வெளிச்சம் இரண்டையும் அணைத்து, திரை அரை மணி நேரம் ஓடிய பிறகு நிறத்தை அளக்கும் கருவியான கலரிமீட்டரை அதன்மேல் வைத்து, அதன் மென்பொருளில், வெளிச்சம் 120 நிட்ஸ், வெள்ளை 6500 கெல்வின், இடைநிலை வெளிச்சங்கள் எவ்வளவு இருண்டு தெரியணும் என்பதைச் சொல்லும் காமா 2.2 என்று இலக்கு கொடுங்கள். அப்புறம் ஒரு வெள்ளைத் தாளைத் திரையருகே பிடித்துப் பாருங்கள். திரை விளக்கு மாதிரி ஒளிர்ந்தால் இன்னும் குறைக்கணும்.

காலிபரேஷன் செய்தால் எந்தத் திரையும் எல்லா நிறத்தையும் காட்டிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் பேனலால் காட்ட முடியாத அடர் சிவப்பு அதற்குப் பிறகும் வராது.