ஹூட் முன்பக்கம் புகை வழிகிறது, டேம்பர் காரணமா?

"ஈரோட்டில் மெஸ். தோசைக்கல் வரிசைக்கு மேல் சுவரோரமாக 8 அடி ஹூட், 12×12 இன்ச் டக்ட், 2400 சிஎஃப்எம் ஃபேன். ஹூட் கழுத்திலேயே ஃபயர் டேம்பர். ஒரு மாதமாகப் புகை முன்னால் வழிகிறது."

அந்த டேம்பரை எடுத்துவிடுங்க. எண்ணெய்ப் புகை போகும் டக்டில் சாதாரண ஃபயர் டேம்பர் கூடாது. இந்த வேலைக்கென்றே சான்று பெற்றதைத்தான் சமையலறைப் புகைபோக்கிகளுக்கான அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதி என்எஃப்பிஏ 96 அனுமதிக்கிறது.

ஒரு மாதமாக மட்டும் என்பதால் எனக்கு அதன் மேல்தான் சந்தேகம். உள்ளே இருக்கும் உருகு இணைப்பு சுமார் 72 டிகிரியில் அறுந்துவிடும். தோசைக்கல் சூட்டில் அது அறுந்து, தகடு விழுந்து டக்டை மூடியிருக்கலாம். ஃபேனை நிறுத்தி, ஃபில்டரைக் கழற்றி, டார்ச் அடித்துப் பாருங்க. பிசுக்கு ஒட்டிப் பாதியில் நின்றிருந்தாலும் இதே கதைதான்.

அப்புறம் டக்ட். 8 அடி ஹூட்டுக்கு 2400 சிஎஃப்எம், அதாவது நிமிடத்துக்கு 2400 கன அடி காற்று, போதும். ஆனால் ஒரு சதுர அடி டக்டில் வேகம் நிமிடத்துக்கு 2400 அடி ஆகிறது. சத்தமும் அதிகம், ஃபேனுக்கும் பாரம். 18×12 வைத்தால் 1600. உராய்வு ஏறக்குறைய வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதால், பாரம் பாதிக்கும் கீழே வந்துவிடும்.

பிறகு ஹூட் முன்விளிம்பில் ஊதுபத்தி பிடியுங்க. புகை உள்ளே வளைந்தால் சரி. வெளியே வந்தால், ஹூட் கல்லைத் தாண்டி அரை அடியாவது நீட்டியிருக்கிறதா என்று அளந்து பாருங்க.

ஒன்று மட்டும்: டக்ட் மேல்மாடியைத் துளைத்துப் போகிறதென்றால், டேம்பரை எடுக்கும்போதே டக்டைச் சுற்றித் தீ தாங்கும் உறை கட்டியாக வேண்டும். அதைத் தீயணைப்புத் துறையிடம் காட்டிவிட்டுச் செய்யுங்க.