மெனுவில் தமிழ், செய்தியில் கட்டம்: கையெழுத்துப் போடும் முன்

கேள்வி: குமுளியில் கடை வைத்திருக்கிறேன். கம்பத்தில் ஒரு கடையில் 3,499 ரூபாய்க்கு ஸ்மார்ட்வாட்ச் வாங்கினேன். "தமிழ் வரும்" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். மொழியைத் தமிழுக்கு மாற்றினால் மெனு தமிழில் வருகிறது, வாட்ஸ்அப் செய்தி மட்டும் வெறும் கட்டமாக வருகிறது. அப்பாவுக்கு முடியவில்லை என்று அண்ணன் அனுப்பியதையும் அப்படித்தான் தவறவிட்டேன். கடையில் கேட்டதற்கு நாலு பேர் முன்னால் கேலி செய்தார்கள். சர்வீஸ் சென்டரில் அப்டேட் போட்டுத் தருகிறார்களாம். ஒரு லட்சம் நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: ஒரு லட்சத்தை மறந்துவிடுங்கள். அண்ணன் செய்தி உங்கள் போனில் சரியாகவே வந்திருக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் முதல் கேள்வியே அதுதான். கேலிக்கும் தனியாகப் பணம் வராது. உங்களுக்கு இருப்பது ஒரே ஒரு கேள்வி: "தமிழ் வரும்" என்றது மெனுவுக்கா, வருகிற செய்திக்குமா?

இரண்டும் வேறு. மெனுவில் இருப்பது குறிப்பிட்ட சில சொற்கள். அதற்கு வேண்டிய எழுத்துகளை மட்டும் வாட்ச்சுக்குள் வைத்தாலே மெனு தமிழில் வந்துவிடும். செய்தியில் எந்தச் சொல்லும் வரலாம், அதற்கு முழுத் தமிழ் எழுத்துருவும் வேண்டும். அது இல்லாத இடத்தில்தான் கட்டம் விழுகிறது. மொழியை எத்தனை முறை மாற்றினாலும் இல்லாத எழுத்துரு வராது. கடைக்காரர் மெனுவைக் காட்டி "தமிழ் இருக்கிறதே" என்பார். பெட்டியிலோ விளம்பரத்திலோ செய்தியும் தமிழில் தெரியும் என்று இருந்தால், அது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி குறைபாடு. மெனு மொழிப் பட்டியல் மட்டும் இருந்தால் உங்கள் கை தாழ்ந்துதான் இருக்கும். வாய்ப்பேச்சை எழுத்தாக்க ஒரு வழி உண்டு. "செய்தியும் தமிழில் தெரியும் என்று சொல்லித்தானே கொடுத்தீர்கள், இப்போது கட்டமாக வருகிறதே, என்ன செய்யலாம்?" என்று கடை எண்ணுக்கு வாட்ஸ்அப் அனுப்புங்கள். "அப்டேட்டில் சரியாகிவிடும்" என்று பதில் வந்தால் அதுவே உங்கள் சாட்சி.

இனி நான் பயப்படுகிற இடத்துக்கு வருகிறேன். அந்த அப்டேட்.

போடி பக்கத்திலிருந்து ஒரு அம்மா இதே பிரச்சினையோடு வந்தார். சர்வீஸ் சென்டரில் அப்டேட் போட்டு, "வணக்கம்" என்று ஒரு செய்தி அனுப்பிக் காட்டியிருக்கிறார்கள். அழகாக வந்தது. "குறை தீர்ந்தது, திருப்தி" என்று ஜாப் ஷீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் "தேனி" என்ற சொல்லில் ஏகாரக் கொம்பு தகரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கிறது. "போ" எழுதினால் கொம்பும் காலும் சேர்ந்து ஒரு பக்கமாக ஒட்டிக்கொள்கிறது. எழுத்துரு வந்துவிட்டது, எழுத்துகளை இடம் மாற்றி அடுக்குகிற வேலை அந்த வாட்ச்சுக்குத் தெரியவில்லை. "வணக்கம்" என்ற சொல்லில் முன்னால் நிற்கிற கொம்பே கிடையாது, அதனால் அங்கே குறை வெளியே தெரியவில்லை. ரீசெட் செய்ததில் பழைய கட்டங்களும் போய்விட்டன. அவர் படம் எடுத்து வைத்திருக்கவும் இல்லை. கையில் மிஞ்சியது அவர் கையெழுத்து மட்டும்தான். அந்த வழக்கை நான் எடுக்கவில்லை. இன்றும் மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

ஆகவே வாட்ச்சைக் கொடுப்பதற்கு முன்பே, போனையும் வாட்ச்சையும் பக்கத்தில் வைத்து, அதே செய்தி போனில் தமிழாகவும் வாட்ச்சில் கட்டமாகவும் தெரிகிற மாதிரி வீடியோ எடுங்கள். தேதியும் அதில் தெரியட்டும். ஜாப் ஷீட்டில் "தமிழ் நோட்டிஃபிகேஷன் கட்டமாக வருகிறது" என்றே எழுதச் சொல்லுங்கள். "சாஃப்ட்வேர் பிரச்சினை" என்று எழுதினால் திருத்தச் சொல்லுங்கள். திரும்ப வாங்கும்போது "தேனி போகிறேன், கொடுங்கள்" என்று அங்கேயே அனுப்பிப் பாருங்கள். ஒரு கொம்பு இடம் மாறினாலும் "முழுமையாகச் சரியாகவில்லை" என்று எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். யூடியூப் பார்த்து வேறு ஃபர்ம்வேர் மட்டும் ஏற்றிவிடாதீர்கள். "வாடிக்கையாளரே கை வைத்துவிட்டார்" என்று வாரன்டியைக் கைகழுவிவிடுவார்கள்.

பில் கம்பத்தில் போட்டது என்று கவலை வேண்டாம். நீங்கள் வசிக்கிற இடத்திலேயே, அதாவது இடுக்கி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். இந்தத் தொகைக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. குறை தெரிந்த நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம். ஆனாலும் 3,499 ரூபாய்க்காகத் தேதி தேதியாக அலைய வேண்டாம் என்பதுதான் என் யோசனை. வீடியோவைக் காட்டி, பணம் திருப்பித் தருகிறீர்களா, செய்தி தமிழில் தெரிகிற வேறு மாடல் தருகிறீர்களா என்று கேளுங்கள். ஐந்நூறு ரூபாய் குறைத்துக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றி வாங்கினால் "தேனி போகிறேன்" சோதனையைக் கடையிலேயே முடித்துவிட்டு, புது பில்லில் "தமிழ் செய்தி தெரியும்" என்று எழுதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பணமாக வாங்கினால், அது கைக்கு வந்த பிறகு பழைய வாட்ச்சையும் பெட்டியையும் கொடுங்கள்.