ரவுண்ட் ராபின்ல ஆளுக்கு ஒரு ஆன்சர் ஏன் வருது?

கேள்வி: ஓஎஸ் ரவுண்டுக்கு பிராக்டிஸ் பண்றேன். ரவுண்ட் ராபின் சம்ல எனக்கு ஒரு ஆன்சர், ஃப்ரெண்டுக்கு வேற ஆன்சர். எங்க தப்பு விடறேன்?

கூட்டல் கழித்தல்ல தப்பு இருக்காதுங்க, கியூவுல யாரை முன்னாடி நிக்க வச்சீங்கன்னு பாருங்க. நான் கிருஷ்ணகிரில இருந்து விடியக்காலைல பஸ் ஏறி ஓசூர்ல ஒரு இன்டர்வியூக்குப் போய் இதே இடத்துல தான் முழிச்சேன். அங்க குடுத்த மாதிரியே ஒரு சின்ன சம், குவாண்டம் 2:

| பிராசஸ் | அரைவல் | பர்ஸ்ட் |
|---|---|---|
| P1 | 0 | 5 |
| P2 | 2 | 3 |
| P3 | 4 | 1 |

டைம் 2-ல P1-க்கு குவாண்டம் முடியுது, அதே நொடில P2 உள்ள வருது. இப்ப ரெடி கியூவுல யார் முன்னாடி? நிறைய பேர் எடுத்துக்கற வழக்கம், புதுசா வந்தவன் முன்னாடி, வெளிய வந்த P1 அவனுக்குப் பின்னாடி. அப்படிப் போட்டா:

```
P1  P2  P1  P3  P2  P1
0   2   4   6   7   8   9
```

வெயிட்டிங் டைம் P1-க்கு 4, P2-க்கு 3, P3-க்கு 2. நான் அன்னைக்கு P1-ஐ முன்னாடி நிக்க வச்சுட்டேன், அதனால அது 4 வரைக்கும் விடாம ஓடிடுச்சு, கடைசில 2, 4, 3-ன்னு வந்துச்சு. இதுல கூத்து என்னன்னா சராசரி ரெண்டுலயும் 3 தான், அதனால வீட்ல ஆப்ஷன் பார்த்து டிக் அடிச்சப்பல்லாம் எனக்குத் தப்பே தெரியல, எதிர்ல உட்கார்ந்தவர் "P2 எப்பப்பா முடியுது?"ன்னு கேட்டப்ப தான் தெரிஞ்சுது, நான் 9-ங்கறேன், அவர் பேப்பர்ல 8 இருக்கு. ரெண்டு மாதிரியும் போடலாம், கேள்வில சொல்லலைன்னா எதை எடுத்துக்கறீங்கன்னு பேப்பர் மேல ஒரு வரி எழுதிட்டு ஆரம்பிங்க. கான்ட் சார்ட்டுக்குக் கீழ ஒவ்வொரு குவாண்டம் முடியறப்பவும் கியூவையும் எழுதுங்க, மனசுல வச்சுக்கிட்டுப் போனீங்கன்னா டைம் 4-ல P3-யும் P2-வும் ஒண்ணா வந்து நிக்கும்போது கண்டிப்பா குழம்பும்.

பேஜ் ரீப்ளேஸ்மென்ட்லயும் இதே கியூ வியாதி தான், எல்ஆர்யூல. ஹிட் ஆனா ஃபால்ட் இல்லைன்னு அப்படியே தாண்டிப் போயிடறோம், ஆனா ஹிட் ஆன பேஜ் வரிசைல கடைசிக்குப் போகணும். மூணு ஃப்ரேம் வச்சு 1, 2, 3, 1, 4, 1 போட்டுப் பாருங்க. நாலாவதா வர்ற 1 ஹிட், அது கடைசிக்குப் போயிட்டா 4 வரும்போது வெளிய போறது 2, மொத்தம் 4 ஃபால்ட். உங்களுக்கு 5 வந்துச்சுன்னா 1-ஐ நகர்த்தாம விட்டுட்டீங்க, எல்ஆர்யூன்னு தலைப்பு போட்டுட்டு ஃபிஃபோ தான் போட்டிருக்கீங்க.