மாடி பாத்ரூம் ஷவரில் தண்ணீர் நூல் மாதிரிதான் வருகிறது. பிரஷர் பம்ப் போட்டால் எத்தனை ஹெச்பி போடுவது? சத்தம் அதிகமாக இருக்குமா?

உங்கள் டேங்கும் மொட்டைமாடித் தரையிலேயே உட்கார்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் அப்படித்தான். முன்பக்க எலிவேஷனுக்கு அவ்வளவு செலவு வைத்த பில்டர் டேங்குக்கு அடியில் நாலு அடி மேடை கட்டித் தரவில்லை, அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. பத்து மீட்டர் உயரம் இருந்தால்தான் ஒரு பார் அழுத்தம். டேங்கின் அடியிலிருந்து மாடி ஷவருக்கு ஒன்றரை மீட்டர்கூட இருக்காது.

கடையில் யோசிக்காமல் ஒரு ஹெச்பி என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு ஷவர் ஒன்றாக ஓடினால் நிமிடத்துக்கு 20 லிட்டர், ஒரு குழாயும் சேர்த்தால் 25. ஷவருக்கு பத்து மீட்டர் உயரத்துக்கான அழுத்தம், பைப்பிலும் மிக்ஸரிலும் இழப்பதற்கு நாலைந்து மீட்டர். ஆக, 15 மீட்டரில் 25 லிட்டர் தரும் பம்ப் போதும். லேபிளில் இருக்கும் அதிகபட்ச உயரமும் அதிகபட்ச லிட்டரும் ஒரே நேரத்தில் கிடைக்காது, அதனால் பெட்டிக்குள் இருக்கும் அட்டவணையைப் பாருங்கள். எங்களுக்கு அரை ஹெச்பியே சரியாக வந்தது. பெரிதாகப் போட்டால் குழாயை மூடும்போது அழுத்தம் எகிறும், கீசருக்குப் போகும் ஹோஸ்தான் முதலில் வாயைப் பிளக்கும்.

சத்தம்தான் பெரிய பாடாக இருந்தது. பிளம்பர் பம்பை அப்பாவின் படுக்கையறைக்கு நேர் மேலே தளத்தில் போல்ட் போட்டு இறுக்கிவிட்டுப் போனார். மாடியில் பக்கத்தில் நின்றால் சாதாரண சத்தம், கீழே அறையில் தளமே மத்தளம் மாதிரி அதிர்ந்தது. காலை ஐந்து மணிக்கு யாராவது குளித்தால் அவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். போல்ட்டைக் கழற்றி, பம்புக்கு அடியில் தடிமனான ஃபோம் வைத்து ஓட்டிப் பார்த்தோம். கீழே முக்கால்வாசி அடங்கியது, ஆனால் பம்புக்குள் கூழாங்கல் உருளுவது போன்ற கரகரப்பு மட்டும் அப்படியே இருந்தது. அது அதிர்வு இல்லை, டேங்கிலிருந்து வரும் முக்கால் இஞ்ச் பைப்பில் பம்புக்குத் தண்ணீர் போதவில்லை. அதை ஒரு இஞ்சாக மாற்றி, பம்பை மாடிப்படி அறைப் பக்கம் பீம் மேலே நகர்த்தி, ரப்பர் பேட் போட்டு, இரண்டு பக்கமும் பைப்புக்குப் பதில் பின்னல் ஹோஸ் கொடுத்தோம். அப்புறம் அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தேவைக்கேற்ப வேகத்தை மாற்றிக்கொள்ளும் இன்வெர்ட்டர் பம்ப் வாங்கியிருக்கலாமே என்று யாராவது வருவார்கள். அது சத்தம் குறைவுதான், மறுக்கவில்லை. விலை அதிகம், அதையும் தளத்தில் இறுக்கினால் கீழே கேட்கத்தான் செய்யும்.

பிரஷர் ஸ்விட்ச் உள்ள மாடலானால் முதலில் ஒழுகும் ஃபிளஷ் டேங்கைச் சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் இரவெல்லாம் பம்ப் விட்டுவிட்டு ஓடும். பம்பைச் சுற்றி நான்-ரிட்டர்ன் வால்வோடு ஒரு பைபாஸ் கட்டாயம் வையுங்கள். கரண்ட் போனாலும் பழையபடி நூல் மாதிரியாவது தண்ணீர் வரும்.